சாக்லேட் மேல் வெள்ளை: பூஞ்சையா, கொழுப்பா?

கோயம்புத்தூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். ஆர்டர் கேட்டு வருவதைவிட ஒரு குறிப்பிட்ட படம்தான் என் வாட்ஸ்அப்புக்கு அதிகம் வரும். பழுப்புக் கட்டி, அதன் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம், ஓரத்தில் அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரல். கீழே, "அக்கா, இது பூஞ்சையா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?" மார்ச் கடைசியில் தொடங்கினால் ஜூன் வரை நிற்காது. படத்தில் இருப்பது பெரும்பாலும் நான் செய்த சாக்லேட்டாகவே இருக்காது. ஊட்டியில் வாங்கியது, துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்தது, தீபாவளிப் பெட்டியில் மிஞ்சியது.

படத்தை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உள்ளே என்ன இருக்கு? வெறும் சாக்லேட்டா, நட்ஸ் போட்டதா, நடுவில் மெத்தென்று க்ரீம் இருக்கா?" கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். வெள்ளை இருப்பது மேலே, நான் விசாரிப்பது உள்ளே. ஆனால் பாதிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பூஞ்சைக்கு முதலில் வேண்டியது தண்ணீர். சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் கிடைக்காவிட்டால் அது முளைக்காது. வெறும் சாக்லேட் என்பது கோகோ, கோகோ வெண்ணெய், சர்க்கரை, சிலவற்றில் பால் பொடி. அதில் இருக்கும் ஈரம் நூற்றில் ஒரு பங்கு சுமார்தான். உணவுத் துறையில் இதை இன்னொரு விதமாக அளப்பார்கள். ஒரு பொருளில் இருக்கும் தண்ணீரில் கிருமிக்கு உண்மையிலேயே எவ்வளவு கைக்கு எட்டும் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் உண்டு. சுத்தமான தண்ணீர் 1. ரொட்டி 0.95 பக்கம். பூஞ்சைகளில் பெரும்பாலானவை வளர 0.7, 0.8க்கு மேல் வேண்டும். வறட்சியைத் தாங்கும் வகைகள்கூட 0.6க்குக் கீழே போனால் கைவிட்டுவிடும். வெறும் சாக்லேட் 0.5க்கும் கீழே இருக்கும். அதனால்தான் பிரிக்காத ஒரு பார், தேதி கடந்து பல மாதம் கிடந்தாலும் பூஞ்சை பிடிக்காது. வெளுத்துப் போகும், மணம் குறையும், வாயில் மெழுகு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

கனாஷ் கதை வேறு. சாக்லேட்டில் சூடான க்ரீமை ஊற்றிக் கலக்குவதுதான் கனாஷ். டிரஃபிளுக்கு நடுவில் இருப்பது அதுதான். க்ரீமும் சாக்லேட்டும் சம அளவு என்றால் அந்த எண் 0.85ஐத் தாண்டிவிடும். அது பூஞ்சைக்குப் போதும். வெளியே பளபளவென்று சாக்லேட் ஓடு இருந்தாலும், உள்ளே இருப்பது பால் பொருள்தான்.

இந்த மூன்று நிலையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. திருப்பூரில் இருக்கும் என் அத்தை மே மாதம் ஒரு மதியம் போன் செய்தார். "கண்ணு, வூட்ல இருக்கற சாக்லேட் பூரா பூஞ்சை புடிச்சுப் போச்சு. எல்லாத்தையும் கொட்டிடட்டுமா?" கொட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். மேசையில் மூன்றை எடுத்து வைத்திருந்தார். ஊட்டியில் எடைக்கு வாங்கிய முந்திரி போட்ட டார்க் சாக்லேட் துண்டுகள், பீரோவில் டப்பாவோடு இருந்தவை. மாமாவின் நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்த பால் சாக்லேட் பார், பாதி தின்று ஃபாயிலைச் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தது. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த சின்னப் பெட்டியில் நாலு டிரஃபிள்.

ஊட்டி சாக்லேட்டைப் பார்த்தால் யாரும் பயந்துதான் போவார்கள். மேலே வட்ட வட்டமாக வெளிர் திட்டுகள், சிலவற்றின் நடுவில் மட்டும் கருப்பாக ஒரு புள்ளி. ரொட்டியில் பூஞ்சை வட்டமாகப் பரவுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் அதேதான். ஆனால் இந்த வட்டங்கள்தான் எனக்கு ஆறுதல் தரும் அடையாளம். உருகி, யாரும் கிளறாமல், மெதுவாகத் தானே இறுகிய சாக்லேட் இப்படித்தான் கோலம் போடும்.

நடந்தது என்ன என்று ஊகிப்பது கடினமில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடையில் அது கெட்டியாக, பளபளப்பாக, ஒடித்தால் சத்தம் வருமாறு இருந்திருக்கும். பையில் போட்டுக் கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வெயில் மாறிவிடுகிறது. காரின் பின் கண்ணாடிக்கு அடியில் பை இருந்தால் அங்கே 40 டிகிரி தாண்டும். சாக்லேட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. 34 டிகிரி போதும்.

அந்த 34 எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோகோ வெண்ணெய் இறுகும்போது ஆறு விதமாகப் படிகமாகலாம். வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966ல் அவற்றை ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். இன்றும் தொழிலில் அந்த எண்கள்தான் புழங்குகின்றன. முதல் வகை 17 டிகிரியிலேயே உருகிவிடும், ஆறாவது 36 வரை தாங்கும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. சுமார் 34 டிகிரியில் உருகும், ஒடித்தால் டப்பென்று ஒடியும், மேற்பரப்பு மின்னும், வாயில் போட்டதும் கரையும். நாங்கள் டெம்பரிங் என்று சொல்லிக்கொண்டு சாக்லேட்டைச் சூடாக்கி, ஆற வைத்து, மறுபடி இளஞ்சூடாக்குவதெல்லாம் வெண்ணெய் இந்த ஐந்தாம் வகையில் இறுக வேண்டும் என்பதற்காகத்தான்.

காரில் உருகியபோது அந்த ஒழுங்கு போய்விட்டது. பிறகு பீரோவில் தன் போக்கில் இறுகியபோது பல வகைப் படிகங்கள் கலந்து பெரிது பெரிதாக வளர்ந்தன. அவை மேற்பரப்பில் நிற்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளை என்பது வெளியிலிருந்து வந்து படிந்த எதுவும் இல்லை, சாக்லேட்டின் சொந்தக் கொழுப்புதான். திருப்பூர் மே மாத வெயிலில் பீரோவுக்குள் பகலில் லேசாக இளகுவது, இரவில் மறுபடி இறுகுவது என்று தினமும் நடந்துகொண்டே இருந்தால் படலம் இன்னும் தடிக்கும். "போன வாரத்தைவிட இப்போ அதிகமா இருக்கு, வளருதே, அப்போ பூஞ்சைதானே?" என்று பலர் கேட்பார்கள். கொழுப்பும் வளரும். அதனால் வளர்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனையே இல்லை.

முந்திரி இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை அதிகமாக இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. கொட்டைகளில் இருக்கும் எண்ணெய் அறை வெப்பத்தில் திரவம். அது மெல்ல மெல்லச் சாக்லேட்டுக்குள் ஊறி, கோகோ வெண்ணெயைக் கொஞ்சம் கரைத்து, மேலே இழுத்துக்கொண்டு வரும். 2015ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் வைத்து இதைப் பார்த்தார்கள். எண்ணெய் முதலில் சாக்லேட்டுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகச் சில நொடிகளிலேயே புகுந்துவிடுகிறது, அதன் பிறகு நிதானமாகக் கொழுப்பைக் கரைக்கிறது என்று தெரிந்தது. அதனால் வெயிலே படாத முந்திரி சாக்லேட்டும் ஒரு நாள் வெளுக்கும், கொஞ்சம் தாமதமாக. ஹேசல்நட் பேஸ்ட் அடைத்தது இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

அத்தைக்கு இந்த ஆறு வகைக் கதையெல்லாம் சொல்லவில்லை. கட்டைவிரலை அந்தத் திட்டின் மேல் வைத்து, பத்து எண்ணும்வரை லேசாகத் தேய்க்கச் சொன்னேன். வெள்ளை மறைந்து, அந்த இடம் மட்டும் ஈரம் பட்டது போலக் கருத்துப் பளபளத்தது. விரலில் ஒட்டியது பழுப்பு எண்ணெய். அது கொழுப்பு என்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது இல்லை. விரல் சில்லென்று இருந்தால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் முக்கி, துளி ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, அதன் முதுகால் தொடலாம். வெள்ளை உடனே காணாமல் போகும். ஓரத்தில் ஒடித்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் உதிர்ந்தது, உட்புறமும் வெளிறி மண்கட்டி போலப் பொருபொருவென்று இருந்தது. பூஞ்சை என்றால் மேற்பரப்பில்தான் தொடங்கும், இப்படி உடம்பு முழுக்க ஒரே மாதிரி வெளுக்காது.

முந்திரியைத் தனியாகக் கடித்தும் பார்த்தேன். சிக்கு வாடை இல்லை. இதை விடக் கூடாது. சாக்லேட் நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் கொட்டை காறிப்போயிருப்பது அடிக்கடி நடக்கும். சாக்லேட் இப்படி வெளுப்பதை நாங்கள் ப்ளூம் என்போம். ப்ளூம் ஆன பழைய நட்ஸ் சாக்லேட்டை நான் ஒதுக்கினால், காரணம் வெள்ளையாக இருக்காது, அந்தக் காறல்தான்.

இரண்டாவது, ஃப்ரிட்ஜ் பார். இதன் மேல் வெள்ளை வட்டமாக இல்லை. மேற்பரப்பு முழுக்க மாவு தூவியது மாதிரி மங்கல், ஃபாயில் திறந்திருந்த பக்கத்தில் அதிகம். அத்தை முன்னால் போலவே விரலைத் தேய்த்தார். இந்த முறை போகவில்லை. கைக்குச் சொரசொரவென்று இருந்தது. "பாத்தியா, இதுதான் பூஞ்சை" என்றார்.

ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுண்டுவிரலால் அதன் மேல் வைத்தேன். சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை கரைந்து பழுப்பு தெரிந்தது. துடைத்து நக்கிப் பார்த்தால் இனிப்பு. இது சர்க்கரை. ஊட்டித் துண்டின் மேல் அதே சொட்டை வைத்தபோது அது முத்தாக உருண்டு நின்றது, அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. கொழுப்பு தண்ணீரில் கரையாது, சர்க்கரை கரையும். இரண்டையும் பிரிக்க இது போதும்.

சர்க்கரை மேலே வந்தது ஃப்ரிட்ஜால். அறையில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீதம் ஈரப்பதமும் இருந்தால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனித்துளி பூக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் எடுத்த சாக்லேட்டை மின்விசிறிக்கு அடியில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் வியர்க்கும். அந்தத் தண்ணீர் மேலே இருக்கும் சர்க்கரையைக் கரைக்கிறது, காய்ந்ததும் சர்க்கரை மட்டும் பொடியாக நிற்கிறது. மழையில் ஊறிய சுவரில் உப்பு பூப்பதும் இதே வழியில்தான். குழந்தைகள் ஒரு துண்டு ஒடித்துவிட்டு மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கிறார்கள், மாலையில் மறுபடி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு.

இதைச் சாப்பிடலாம், நாக்கில் மணல் மாதிரி இருக்கும். ஆனால் கொழுப்புப் படலத்துக்கு நான் காட்டும் தாராளத்தை இதற்குக் காட்ட மாட்டேன். காரணம், இங்கே தண்ணீர் வந்து போயிருக்கிறது. வியர்த்த சாக்லேட்டைக் காய விடாமல் அப்படியே டப்பாவில் போட்டு மூடியிருந்தால், சர்க்கரைத் தண்ணீர் மேலேயே தங்கியிருக்கும். அந்த இடத்தில் பூஞ்சை வர வழி உண்டு. பிசுபிசுவென்று கையில் ஒட்டினால், ஃப்ரிட்ஜில் இருந்த வேறு பண்டத்தின் துணுக்கு ஒட்டியிருந்தால், கடித்த பக்கத்தில் திட்டு இருந்தால், வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன். அத்தையின் பார் காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஆனால் வெங்காய வாடை அடித்தது. கோகோ வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், அதுவும் ஃபாயிலைச் சரியாக மூடாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் நான் விரலை வைக்கவில்லை. டிரஃபிள்களில் இரண்டின் அடிப்பக்கத்தில், ஓடு லேசாக வெடித்திருந்த இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசை மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் ப்ளூம் தட்டையாக, மேற்பரப்போடு ஒட்டியபடி தெரியும். இது எழுந்து நின்றது. நுனியில் மென்மையான முடிகள், நடுவில் லேசாகச் சாம்பல் பச்சை. பெட்டியை முகத்தருகே கொண்டுபோகாமலே ஈரச் சாக்கு வாடை தெரிந்தது. முகர்ந்து பார்க்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்வது நல்லது, பூஞ்சைத் தூள் மூச்சில் போகும்.

"மேலே வழிச்சுப் போட்டுட்டுச் சாப்பிடலாமா?" என்றார் மாமா. கூடாது. கனாஷ் மிருதுவானது, ஈரமானது. கண்ணுக்குத் தெரியும் புள்ளியைவிட இழைகள் உள்ளே அதிக தூரம் போயிருக்கும். பார்க்க நன்றாக இருந்த மற்ற இரண்டும் அதே பெட்டியில், அதே க்ரீமில் செய்தவை. நாலையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி வெளியே போட்டோம். கல்யாணம் நடந்து எத்தனை நாள் என்று கேட்டேன். மாதக்கணக்கு. பெட்டியின் மேல் தேதியும் இல்லை, ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்ற ஒரு வரியும் இல்லை. வாங்கியவர்கள் அதைச் சாதாரணச் சாக்லேட் என்றுதானே நினைப்பார்கள்? நான் க்ரீம் போட்டுச் செய்யும் டிரஃபிளுக்கு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பத்து நாள்தான் சொல்வேன். அதற்கு மேல் பூஞ்சை வராமலும் இருக்கலாம், ஆனால் பால் பொருளில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பூஞ்சைக்கு முன்னால் வந்துவிடும்.

இந்த மூன்றிலும் அடங்காத நாலாவது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படங்களில் எப்போதாவது வரும். வெள்ளையாக, மெல்லிய நூல் நூலாக, துண்டுக்கும் காகிதத்துக்கும் இடையே பாலம் போட்டது மாதிரி இருக்கும். கூடவே ரவை போன்ற குருணை, ஃபாயிலில் ஊசித் துளை. இது பூஞ்சையும் இல்லை, கொழுப்பும் இல்லை. அந்துப்பூச்சியின் புழு. அரிசி, மாவு, உலர் பழம் வைத்திருக்கும் அலமாரியிலிருந்து வரும், நட்ஸ் சாக்லேட் என்றால் அதற்கு விருந்து. அதைத் தூக்கிப் போட்டால் மட்டும் போதாது, பக்கத்து டப்பாக்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

காம்பவுண்டைப் பற்றியும் கேட்பார்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போட்டது அது. டெம்பரிங் தேவையில்லாததால் வீட்டில் செய்பவர்களுக்கும் எடைக்கு விற்கும் கடைகளுக்கும் வசதி. லேபிளில் பொருட்களின் பட்டியலில் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு, பாம் கெர்னல் என்று இருந்தால் அதுதான். அதுவும் நாளானால் வெளுக்கும், அதுவும் பெரும்பாலும் ஆபத்தில்லாத கொழுப்புதான். ஆனால் பாம் கெர்னல் கொழுப்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரமும் கிருமியும் சேர்ந்து அதைச் சிதைத்தால் சோப்பு வாடை வரும். வெளுத்த காம்பவுண்டைக் கடித்ததும் சோப்புச் சுவை வந்தால் துப்பிவிடுங்கள், மிச்சத்தையும் போட்டுவிடுங்கள். நல்ல வேளையாக அது தப்பாத எச்சரிக்கை, யாராலும் இரண்டாவது கடி கடிக்க முடியாது.

சரி, வெளுத்த நல்ல சாக்லேட்டை என்ன செய்வது? பளபளப்பு மறுபடி வேண்டும் என்றால் டெம்பர் செய்ய வேண்டும். அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டும், கொஞ்சம் புதிய, வெளுக்காத சாக்லேட்டும் வேண்டும். டார்க் சாக்லேட் 300 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தை வெந்நீருக்கு மேல் வைத்து, துளி ஆவி உள்ளே போகாமல் 45 முதல் 50 டிகிரி வரை உருக்குங்கள். அந்தச் சூட்டில் பழைய கோணல் படிகம் எல்லாம் அழிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கி, 100 கிராம் புதிய சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். புதியதில் இருக்கும் ஐந்தாம் வகைப் படிகம்தான் மற்றதற்கு விதை. விதைக்கும் வெளுத்ததையே போட்டால் பயன் இல்லை. கத்தி நுனியில் தொட்டு வைத்தால் ஐந்து நிமிஷத்தில் மங்காமல் இறுக வேண்டும். பால் சாக்லேட் என்றால் இரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏசி இல்லாத அறையில் மே மாதம் செய்ய முயல வேண்டாம். அறையே 33 டிகிரி இருந்தால் எது எங்கே இறுகும்? 20, 22 டிகிரி அறை வேண்டும். அதனால் வீட்டில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி சுலபமானது: அதை மறுபடி கட்டியாக்க முயலாதீர்கள். பிரவுனிக்கு உருக்கிப் போடலாம், கேக் மேல் ஊற்ற கனாஷ் ஆக்கலாம், ஒரு டம்ளர் சூடான பாலுக்கு 30 கிராம் வீதம் சீவிப் போட்டுக் குடிக்கலாம். எப்படியும் உருகத்தான் போகிறது என்றால் படிகம் எந்த வகை என்பது யாருக்கு வேண்டும்? அத்தை ஊட்டித் துண்டுகளில் முந்திரியைப் பொறுக்கிப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பாலில் போட்டார். வெங்காய வாடை பாருக்கு மட்டும் பாலில்கூட வழி இல்லை. சர்க்கரை மேலே பூத்ததை உருக்கினால் குருணை முழுதாகக் கரையாது, ஈரம் இருந்தால் கட்டிபிடித்துக்கொள்ளும். அதனால் அதை க்ரீமிலோ பாலிலோ போடுவதுதான் சரி, தனியாக உருக்கி அச்சில் ஊற்றாதீர்கள்.

வைக்கும் இடம் பற்றி: சாக்லேட்டுக்குப் பிடித்தது 15 முதல் 18 டிகிரி, காய்ந்த காற்று. நம் ஊரில் ஏசி அறை அலமாரியைத் தவிர அப்படி ஓர் இடம் கோடையில் கிடையாது, அதனால் ஃப்ரிட்ஜைத் திட்டிப் பயனில்லை. வைக்கும் விதம்தான் முக்கியம். ஃபாயிலில் இறுகச் சுற்றி, ஜிப் கவரில் காற்றைப் பிதுக்கி மூடி, அதையும் ஒரு டப்பாவில் போட்டு, கீழ்த்தட்டில். எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் ஒன்று இரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். வியர்வை டப்பாவின் மேல் பூக்கட்டும், சாக்லேட்டின் மேல் வேண்டாம். இதில் பொறுமை இல்லாத வீடுகளுக்கு நான் சொல்வது, தேவையான துண்டுகளை மட்டும் தனித்தனிக் கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், அங்கே திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்கும்.

ஊட்டியிலிருந்து இறங்குபவர்கள் சாக்லேட்டைப் பையின் நடுவில், துணிகளுக்குள் சுருட்டி வைத்தால் மலை அடிவாரம் வரை தாங்கும். அதற்குப் பிறகு கார் ஏசி ஓடும் பக்கம், காலடியில். டிக்கி வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இளகியிருந்தால், அமுக்கிப் பார்க்காமல், கவிழ்க்காமல் அப்படியே குளிர்ந்த அறையில் இறுக விடுங்கள். முழுதாக உருகிக் குழம்பாகிவிட்டிருந்தால், அதை எப்படி ஆற வைத்தாலும் இன்றோ அடுத்த வாரமோ வெளுக்கத்தான் போகிறது. அன்றைக்கே பாலில் போட்டுவிடலாம்.